மூடிக்கு அடியில பூஞ்சை: தண்ணி சேர்ற க்ரீமுக்கு பிரிசர்வேடிவ் எது, எவ்ளோ, எப்போ?

வாசகி எழுதினது:

"மேடம், நான் வீட்டுலயே முகத்துக்கான க்ரீம் செஞ்சு தெரிஞ்சவங்களுக்கு விக்கிறேன். ஒரு தடவைக்கு 500 கிராம் போடுவேன். ரோஸ்வாட்டர், ஃப்ரெஷ்ஷா எடுத்த கற்றாழை ஜெல், பாதாம் எண்ணெய், ஷியா பட்டர், எமல்சிஃபையிங் வேக்ஸ், கொஞ்சம் கிளிசரின். கெட்டுப்போகாம இருக்க வைட்டமின் ஈ ஒரு ஸ்பூன், டீ ட்ரீ ஆயில் பத்து பன்னெண்டு சொட்டு. ரோஸ்வாட்டரை கொதிக்க வெச்சுத்தான் சேக்குறேன், டப்பாவையும் வெந்நீர்ல கழுவுறேன். கெமிக்கல் பிரிசர்வேடிவ் இல்லைன்னு சொல்லித்தான் விக்கிறேன், அதுக்காகத்தான் எல்லாரும் வாங்குறாங்க. போன வாரம் ஒருத்தங்க, வாங்கி அஞ்சு வாரம்தான் ஆச்சு, மூடிக்கு உள்பக்கமும் ஓரத்துலயும் சாம்பல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்குன்னு போட்டோ அனுப்பினாங்க. மேலாக வழிச்சு எடுத்துட்டு மீதிய யூஸ் பண்ணலாமான்னு கேக்குறாங்க. டீ ட்ரீயை அதிகமாக்கவா? ஃப்ரிட்ஜ்ல வைக்கச் சொன்னா போதுமா? லேபிள்ல ஆறு மாசம்னு போட்டிருக்கேன், அது சரியா?"

பதில்:

முதல்ல அவசரமான விஷயம். அந்த டப்பாவை அவங்க இனிமே தொடவே கூடாது, வழிச்சு எடுத்துட்டு யூஸ் பண்றதுங்கிற பேச்சே வேண்டாம். கண்ணுக்குத் தெரியுற அந்தப் புள்ளி பூஞ்சை நல்லா வளந்து முத்தின பிறகு தெரியுறது, அதோட வேர் மாதிரியான இழைங்க அதுக்கு முன்னாடியே க்ரீமுக்குள்ள இறங்கியிருக்கும். அதைவிட முக்கியம், பூஞ்சை வளர முடிஞ்ச இடத்துல பாக்டீரியாவும் வளந்திருக்க வாய்ப்பு அதிகம், அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கிராம்ல லட்சக்கணக்குல பாக்டீரியா இருந்தாலும் க்ரீம் வெள்ளையா வழவழன்னு நல்ல வாசனையோட இருக்க முடியும். அதனால அதே பேட்ச்ல வாங்கின எல்லாருக்கும் இன்னிக்கே சொல்லுங்க, போட்டோ அனுப்பினவங்களுக்கு மட்டும் இல்ல. முகத்துல பரு உடைஞ்ச இடம், ஷேவ் பண்ணின கீறல், கண் ஓரம், இதுலல்லாம் சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியா போனா சாதாரண அரிப்போட நிக்காது, கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து வரலாம். காசைத் திருப்பிக் குடுத்து டப்பாவைத் தூக்கிப் போடச் சொல்றது உங்களுக்கு வலிக்கும், ஆனா ஒருத்தருக்குத் தொற்று வந்து "தெரிஞ்சும் சொல்லலை"ன்னு ஆச்சுன்னா அதோட பொறுப்பு சட்டப்படியும் உங்க மேலதான் விழும்.

இப்ப காரணத்துக்கு வருவோம். உங்க க்ரீம்ல பிரிசர்வேடிவ்னு ஒண்ணு இல்லவே இல்ல. நீங்க இருக்குன்னு நெனச்சுட்டு இருந்தீங்க, அவ்ளோதான்.

வைட்டமின் ஈ, டீ ட்ரீ, கொதிக்க வைக்கிறது

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம பாத்துக்கும். பாதாம் எண்ணெய் காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட சேந்து கெடுறதைத் தள்ளிப்போடும், அது நல்ல வேலைதான். ஆனா பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது ஒண்ணும் செய்யாது. எண்ணெயும் வேக்ஸும் மட்டும் இருக்குற பாம் மாதிரி தண்ணியே இல்லாத பொருளுக்கு அது போதும், ஏன்னா கிருமி வளர தண்ணி வேணும். உங்களோடது மூணுல ரெண்டு பங்கு தண்ணி.

டீ ட்ரீக்கு கிருமியைக் கொல்ற சக்தி இருக்கு, அது பொய் இல்ல. ஆனா க்ரீமைக் காப்பாத்துற அளவுக்குப் போடணும்னா தோல் தாங்காது, எரிச்சலும் அலர்ஜியும் வரும். போதாததுக்கு அது எண்ணெய், க்ரீம்ல இருக்குற எண்ணெய்த் துளிக்குள்ள போய் உக்காந்துக்கும், கிருமி வாழறதோ தண்ணிப் பக்கம். அதனால சொட்டைக் கூட்டுறது தீர்வே இல்ல. இதே வரிசைல "இயற்கை பிரிசர்வேடிவ்"னு விக்கிற கிரேப்ஃப்ரூட் விதைச் சாறும் வரும். அதை ஆராய்ச்சில பிரிச்சுப் பாத்தப்போ கிருமியைக் கொன்ன பல சாம்பிள்ல பென்ஸெத்தோனியம் குளோரைடு மாதிரி செயற்கைப் பொருள் கலந்திருந்தது தெரிஞ்சுது, அது இல்லாத சாறு கொல்லவும் இல்ல. அதை நம்பி இறங்காதீங்க.

கொதிக்க வைக்கிறது அந்த நேரத்துல உயிரோட இருக்குற பாக்டீரியாவைக் கொல்லும், சில வகையோட ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள விதை மாதிரி தூங்குற வடிவம், அதுலயும் தப்பிச்சுக்கும். சரி எல்லாமே செத்துதுன்னே வெச்சுக்குவோம், ஆற வைக்கிறப்போ காத்துலேர்ந்து, கரண்டிலேர்ந்து, அப்புறம் வாங்கினவங்க தினமும் விரல் விட்டு எடுக்குறப்போ புதுசு புதுசா உள்ள போய்ட்டேதான் இருக்கும். ஃப்ரிட்ஜும் இப்படித்தான், வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது, குளிர்லயே மெதுவா வளர்ற பாக்டீரியாவும் பூஞ்சையும் நிறைய இருக்கு.

உங்க லிஸ்ட்ல பெரிய ஓட்டை ஃப்ரெஷ் கற்றாழை. இலைலேர்ந்து எடுத்த ஜெல்லுல சர்க்கரைச் சத்து இருக்கு, கூடவே இலையோட தோல்லேர்ந்தும் கத்திலேர்ந்தும் வந்த கிருமியும் எக்கச்சக்கமா இருக்கும், அதாவது சாப்பாட்டையும் சாப்பிட ஆளையும் சேத்தே ஊத்துறீங்க. நல்ல பிரிசர்வேடிவ் போட்டா கூட இவ்ளோ கிருமியோட ஆரம்பிச்சா அது முதல் வாரத்துலயே திணறும். பிரிசர்வேடிவ் எதுக்குன்னா சுத்தமா செஞ்ச பொருளுக்குள்ள அப்பப்போ நுழையுற கொஞ்சத்தைச் சமாளிக்க, அழுக்கா செஞ்சதைச் சுத்தமாக்க இல்ல. கற்றாழை வேணும்னா காய வெச்ச பொடியா வாங்கி 0.1 சதவீதம் போடுங்க.

ஏன் மூடில முதல்ல வந்துது?

இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. க்ரீம் வெதுவெதுப்பா இருக்கும்போதே டப்பால ஊத்தி மூடிட்டீங்கன்னா உள்ள இருந்து நீராவி மேல போய் மூடில குளிர்ந்து துளியாகும். அந்தத் துளி கிட்டத்தட்ட வெறும் தண்ணி, க்ரீம்ல எவ்ளோ நல்ல பிரிசர்வேடிவ் இருந்தாலும் அது இந்தத் துளிக்குப் போதுமான அளவுல வராது. அது மூடிலேர்ந்து ஓரத்துல வடிஞ்சு க்ரீம் மேல ஒரு மெல்லிசான தண்ணிப் படலமா நிக்கும், பூஞ்சையோட ஸ்போருக்கு காத்தும் கிடைக்கும் தண்ணியும் கிடைக்கும். மூடிக்குள்ள அட்டை வட்டம் வெச்ச டப்பான்னா இன்னும் மோசம், அட்டை ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். அதனால நாளைக்கே நீங்க சரியான பிரிசர்வேடிவ் போட ஆரம்பிச்சாலும் சூடா மூடுற பழக்கத்தை விடலைன்னா இதே போட்டோ மறுபடி வரும். க்ரீம் அறை வெப்பத்துக்கு முழுசா ஆறணும், ஆறுற வரைக்கும் பாத்திரத்தைச் சுத்தமான ஃபாயிலால மூடி வைங்க, நிரப்புறதுக்கு முன்னாடி ஃபாயில்ல கோத்திருக்குற துளிய க்ரீம்ல விழ விடாம எடுத்துடுங்க.

எந்த பிரிசர்வேடிவ், ஏன் பிஎச் முக்கியம்?

கெமிக்கல் வேண்டாம்னு நீங்க நெனக்கிறதுக்குப் பின்னாடி அக்கறை இருக்கு, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க முன்னாடி இருக்குற தேர்வு பிரிசர்வேடிவா இயற்கையாங்கிறது இல்ல, அளவு தெரிஞ்ச பிரிசர்வேடிவா அளவே தெரியாத கிருமியாங்கிறதுதான். அது பிடிக்கலைன்னா தண்ணியே இல்லாத பாமுக்கு மாறுங்க, அது நேர்மையான வழி, அப்ப "பிரிசர்வேடிவ் இல்ல"ன்னு தாராளமா சொல்லலாம், ஈரக் கையோட எடுக்காதீங்கன்னு மட்டும் எழுதினா போதும். தண்ணி க்ரீம்தான் வேணும்னா கீழ சொல்றதைப் படிங்க.

ஒரே பொருள் எல்லாக் கிருமியையும் சமமா அடிக்காது. ஃபீனாக்ஸிஎத்தனால் பாக்டீரியாவை நல்லா பிடிக்கும், பூஞ்சைகிட்ட கொஞ்சம் பலவீனம். பொட்டாசியம் சார்பேட் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் நல்லா பிடிக்கும், பாக்டீரியாகிட்ட சுமார். அதனால ரெண்டையும் சேத்துப் போடணும். கடைல ஃபீனாக்ஸிஎத்தனாலோட எத்தில்ஹெக்ஸில்கிளிசரின் 90க்கு 10ங்கிற விகிதத்துல கலந்தே கிடைக்கும், அந்த ரெண்டாவது பொருள் முதல் பொருளோட வேலையை எளிதாக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதில ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு உச்சவரம்பு 1 சதவீதம், இந்தக் கலவையை 1 சதவீதம் போட்டா அதுல ஃபீனாக்ஸிஎத்தனால் 0.9 தான் வரும், வரம்புக்குள்ளயே நிக்கிறீங்க. மூணாவதா டைசோடியம் ஈடிடிஏ 0.1 சதவீதம். இது தனியா பிரிசர்வேடிவ் இல்ல, ஆனா சூடோமோனாஸ் மாதிரி பிடிவாதமான பாக்டீரியாவோட வெளிச்சுவரைத் தாங்கிப் பிடிக்கிற கால்சியம், மெக்னீசியத்தை இழுத்துக்கும், அப்புறம் மத்தது உள்ள போறது சுலபம்.

பொட்டாசியம் சார்பேட்ல ஒரு நுணுக்கம் இருக்கு, இங்கதான் நிறைய பேர் பிரிசர்வேடிவ் போட்டும் தோக்குறாங்க. அது க்ரீம்ல கரைஞ்சதும் ஒரு பகுதி சார்பிக் அமிலமா மாறும், அந்த அமில வடிவம்தான் கிருமியோட சுவரைத் தாண்டி உள்ள போகும், மீதி சும்மா இருக்கும். எவ்ளோ மாறும்ங்கிறதை பிஎச் தான் முடிவு பண்ணுது, அதாவது க்ரீம் எவ்ளோ அமிலமா இருக்குங்கிற அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பிஎச் 5ல மூணுல ஒரு பங்குக்கு மேல வேலை செய்யுற வடிவத்துல இருக்கும், 6ல நூத்துக்கு அஞ்சு தான், 6.5ல நூத்துக்கு ரெண்டு கூட இல்ல. போட்ட அளவு அதேதான், ஆனா க்ரீம் கொஞ்சம் அமிலம் குறைஞ்சு போனா அது இல்லாத மாதிரி. சோடியம் பென்சோயேட்டும் இதே கதைதான், அதுக்கு இன்னும் குறைஞ்ச பிஎச் வேணும். அதனால பிஎச் மீட்டர் வாங்காம இந்த வகையை எடுக்கவே எடுக்காதீங்க.

உங்க 500 கிராமை மாத்தி எழுதினா

ஸ்பூனும் சொட்டும் இனிமே வேண்டாம், 0.01 கிராம் வரைக்கும் காட்டுற தராசு ஒண்ணு அவசியம், ஒரு சொட்டோட எடை ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் மாறும்.

தண்ணிப் பக்கம்: டிஸ்டில்டு வாட்டர் 345.5 கிராம், கிளிசரின் 20, ஈடிடிஏ 0.5, கற்றாழைப் பொடி 0.5. இந்தத் தண்ணிலேர்ந்து முதல்லயே ஒரு 15 கிராம் தனியா எடுத்து வைங்க, கடைசில தேவைப்படும். எண்ணெய்ப் பக்கம்: பாதாம் எண்ணெயும் ஷியா பட்டரும் சேத்து 95, எமல்சிஃபையிங் வேக்ஸ் 30. ரெண்டையும் தனித்தனியா 70 முதல் 75 டிகிரிக்குச் சூடாக்கி, சூடுல ஆவியாப் போன தண்ணிய எடை பாத்து ஈடுகட்டி, ஒண்ணா சேத்து அடிங்க. ரோஸ்வாட்டர் விட்டுட்டேன்னு பாக்குறீங்களா, அதுவே ஏற்கனவே கிருமியோட வர வாய்ப்புள்ள பொருள், வாசனைக்காகத்தான்னா முதல் சில பேட்ச் அது இல்லாம பண்ணிப் பாருங்க.

40 டிகிரிக்குக் கீழ வந்ததும் வைட்டமின் ஈ 1.5 கிராம், ஃபீனாக்ஸிஎத்தனால் கலவை 5 கிராம். எடுத்து வெச்ச தண்ணில கொஞ்சத்துல பொட்டாசியம் சார்பேட் 1 கிராமைக் கரைச்சு அதையும் சேத்து நல்லா கலக்குங்க. அதுக்கப்புறம்தான் சிட்ரிக் ஆசிட், மிச்ச தண்ணில கரைச்சு சொட்டுச் சொட்டா, மொத்தத்துல சுமார் 1 கிராம்னு கணக்கு வெச்சுக்கங்க, கூடக் குறைய ஆகலாம். சார்பேட்டையும் சிட்ரிக் ஆசிட்டையும் ஒரே கப்புல கரைச்சுடாதீங்க, சார்பிக் அமிலம் தண்ணில சரியா கரையாது, வெள்ளையா பொடி பொடியா பிரிஞ்சு கீழ நின்னுடும், அப்புறம் அது க்ரீம் முழுக்கப் பரவாது.

சார்பேட் சேத்தா பிஎச் ஏறும், அதனால பிஎச் பாக்குறது எல்லாத்துக்கும் கடைசி வேலை. க்ரீம் 1 கிராமை டிஸ்டில்டு வாட்டர் 9 கிராம்ல கரைச்சு மீட்டர்ல பாருங்க, 4.8க்கும் 5.2க்கும் நடுவுல நிக்கணும். கலர் பேப்பரை நேரா க்ரீம்ல அழுத்துனா எண்ணெய் படிஞ்சு தப்பாக் காட்டும். மறுநாள் ஒரு தடவை மறுபடி பாருங்க, கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்னொண்ணு, உங்க வேக்ஸ் எந்த வகைன்னு விக்கிறவங்ககிட்ட கேளுங்க, அயனில்லாத வகைன்னா இந்த பிஎச்ல பிரச்சனை இல்ல, சோப்பு மாதிரி வேலை செய்யுற வகைன்னா அமிலம் பட்டதும் க்ரீம் உடைஞ்சு தண்ணி பிரிஞ்சுடும்.

பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாத்தையும் கழுவிக் காய வெச்சு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தெளிச்சு தானா காய விடுங்க. 99 சதவீதம் இன்னும் நல்லா இருக்கும்னு தோணும், அப்படி இல்ல, கிருமியோட புரதத்தைக் கெடுக்க கொஞ்சம் தண்ணியும் வேணும், சுத்த ஆல்கஹால் அதுக்குள்ள ஆவியாகிடும். வெந்நீர்ல கழுவி ஈரத்தோட நிரப்புறதை மட்டும் கண்டிப்பா நிறுத்துங்க. முடிஞ்சா வாயகன்ற டப்பாவை விட்டுட்டு பம்ப் பாட்டிலுக்குப் போங்க, விரல் உள்ளயே போகாதுன்னா பிரிசர்வேடிவோட பாரம் பாதி குறையும்.

சரியா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, லேபிள்ல என்ன போடறது?

ஒவ்வொரு பேட்ச்லயும் மூணு டப்பா எடுத்து வைங்க. ஒண்ணு அறை வெப்பத்துல, ஒண்ணு 40 டிகிரில, ஒண்ணு நீங்களே தினமும் விரல் விட்டு யூஸ் பண்ண. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வாசனை, கலர், தண்ணி பிரியுதா, பிஎச் எவ்ளோ, எல்லாத்தையும் நோட்ல எழுதுங்க. கொஞ்சம் மஞ்சளானா சார்பேட்டோட வேலையா இருக்கலாம், அது மட்டும்னா பயப்படாதீங்க, ஆனா பிஎச் 5.5 பக்கம் ஏறுதுன்னா அந்த பேட்ச்சை விக்காதீங்க. புளிச்ச வாசனை, திடீர்னு தண்ணியா ஆகுறது, மேல குமிழ், இதுல எது வந்தாலும் கிருமின்னே எடுத்துக்கங்க.

டிப் ஸ்லைடுன்னு, கிருமி இருக்கான்னு வீட்டுலயே வளத்துப் பாக்குற பட்டை கிடைக்கும், வாங்கலாம், ஆனா அதுல எதுவும் வளரலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. க்ரீமோட ஒட்டிட்டு வர்ற பிரிசர்வேடிவே பட்டைல வளர்ச்சியைத் தடுத்துடும், தவிர ஆயிரத்துக்குக் கீழ உள்ள எண்ணிக்கையை அது சரியா காட்டாது. சாதாரண க்ரீமுக்கு ஐஎஸ்ஓ 17516 சொல்ற வரம்பே ஒரு கிராமுக்கு ஆயிரம், கண் ஓரத்துக்கும் மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கும் நூறு. அதனால அந்தப் பட்டை மோசமான பேட்ச்சைக் கண்டுபிடிக்கத்தான் உதவும், நல்லதுன்னு சான்று குடுக்க உதவாது.

உண்மையான பதில் லேப்ல பண்ற சேலஞ்ச் டெஸ்ட்ல கிடைக்கும், ஐஎஸ்ஓ 11930 முறைல. உங்க க்ரீம்ல வேணும்னே அஞ்சு வகைக் கிருமியைத் தனித்தனியா விட்டு, அதுல சூடோமோனாஸும் ஒரு பூஞ்சையும் உண்டு, 28 நாள் வரைக்கும் எவ்ளோ சாகுதுன்னு எண்ணுவாங்க. மேல நான் குடுத்த அளவு நல்ல ஆரம்பம், ஆனா உங்க வேக்ஸ், உங்க எண்ணெய்ல அது தாங்குமான்னு இந்த டெஸ்ட்தான் சொல்லும், ஏன்னா எண்ணெய்ப் பக்கம் இழுத்துக்குற அளவு ஒவ்வொரு க்ரீமுக்கும் வேற. செலவாகுற டெஸ்ட்ங்கிறதால ஒரே ஒரு பேஸ் ஃபார்முலாவை முடிவு பண்ணி அதை மட்டும் அனுப்புங்க, பாஸானதும் அதைத் தொடாதீங்க. கஸ்டமர் கேக்குறாங்கன்னு நடுவுல களிமண்ணோ தேனோ இன்னொரு மூலிகைச் சாறோ சேத்தா பழைய ரிசல்ட் செல்லாது.

ஆறு மாசம்னு நீங்க போட்டது எதை வெச்சுன்னு யாராவது கேட்டா இப்போதைக்கு உங்ககிட்ட பதில் இல்ல, அதனால அதை எடுத்துடுங்க. டெஸ்ட் பாஸாகி, 40 டிகிரி டப்பா மூணு மாசம் மாறாம நின்னா, பேட்ச் நம்பரும் செஞ்ச தேதியும் போட்டு திறந்ததுலேர்ந்து மூணு மாசம்னு ஆரம்பிங்க, அறை வெப்பத்துல இருக்குற டப்பா ஆறு மாசம், ஒரு வருஷம்னு தாண்டத் தாண்ட நீட்டிக்கலாம். உங்க நாட்டுல அழகுப் பொருள் விக்க லைசென்ஸும் லேபிள் விதியும் என்னன்னு சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துல எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. அதுவரைக்கும் தண்ணி க்ரீம் விக்கிறதை நிறுத்தி வைங்க, வழக்கமா வாங்குறவங்களுக்கு பாம் செஞ்சு குடுக்கலாம். லேபிள்ல "பிரிசர்வேடிவ் இல்ல"ங்கிற வரிக்குப் பதிலா எந்தப் பிரிசர்வேடிவ் போட்டிருக்கீங்களோ அந்தப் பேரையே பொருட்கள் பட்டியல்ல எழுதுங்க, யாராவது ஏன்னு கேட்டா அந்த மூடி போட்டோவைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்க.